வாடிக்கையாளர் இந்த வாரம் என்ன செய்தார்?

விசாரணை வந்து, ஆர்டராகவும் முடியாமல் கைவிட்டும் போகாமல் நடுவழியில் நிற்கும் வியாபாரங்களின் பட்டியலுக்கு விற்பனைத் துறையில் பைப்லைன் என்று பெயர். பட்டியலில் ஒவ்வொரு வியாபாரத்துக்கும் நேராகத் தொகை, இப்போது இருக்கும் கட்டம், முடியும் என்று எதிர்பார்க்கும் தேதி, அடுத்து நடக்கவேண்டிய வேலை ஆகிய நான்கு விவரங்கள் இருக்கும். வாரத்துக்கு ஒரு முறை மேலாளரும் விற்பனையாளர்களும் இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு உட்காருவதுதான் பைப்லைன் ரிவ்யூ. எந்த வியாபாரம் எங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறது என்று கண்டுபிடித்து, அதை என்ன செய்வது என்று அன்றே முடிவெடுப்பது இந்தக் கூட்டத்தின் வேலை.

பல அலுவலகங்களில் நடப்பது வேறு. விற்பனையாளர் தம் பட்டியலை மேலிருந்து கீழாக வாசிக்கிறார். மேலாளர் ஒவ்வொன்றிலும் நிறுத்தி, “இது ஏன் இன்னும் முடியலை?” என்று கேட்கிறார். பர்ச்சேஸ் மேனேஜர் விடுப்பு, ஆடி மாதம், விலை ஒத்துவரவில்லை, பாங்க் லோன் வரவேண்டும் என்று பதில்கள் வருகின்றன. ஒன்றரை மணி நேரம் கழித்து எல்லோரும் எழுந்து போகிறார்கள். அடுத்த திங்கட்கிழமை அதே பட்டியல், அதே கேள்வி, பெரும்பாலும் அதே பதில்.

இதற்கு விற்பனையாளர்களின் சோம்பலைக் காரணம் காட்டுவது எளிது. ஆனால் அந்தக் கேள்வியே ஒரு காரணம். ‘ஏன் முடியவில்லை’ என்று கேட்டால் கேட்கப்பட்டவர் தம்மைக் காத்துக்கொள்ளத்தான் பேசுவார். அந்தக் கேள்விக்குச் சாக்கைத் தவிர வேறு வடிவில் பதில் சொல்வது கடினம். ‘போன வாரம் என்ன செய்தாய்’ என்ற கேள்வியும் அதிகம் உதவாது. நான்கு முறை போன் செய்தேன், இரண்டு முறை நேரில் போனேன் என்று உழைப்பின் கணக்கு வரும். உழைப்பு உண்மையாகவே இருக்கலாம், வியாபாரம் மட்டும் நகர்ந்திருக்காது. கேட்கவேண்டியது விற்பவர் செய்ததை அல்ல, வாங்குபவர் செய்ததை. ‘போன வாரத்திலிருந்து வாடிக்கையாளர் தரப்பில் யார், என்ன செய்தார்?’ இந்தக் கேள்விக்கு ஒரு தகவல் பதிலாக வரும், அல்லது ‘ஒன்றும் செய்யவில்லை’ என்று வரும். இரண்டில் எது வந்தாலும் அதை வைத்து முடிவெடுக்க முடியும்.

இந்த வேறுபாட்டைத் தெளிவாக வகுத்துக் காட்டியவர் நீல் ராக்கம். அவருடைய ஹத்வெயிட் ஆய்வு நிறுவனம் சுமார் 35,000 விற்பனைச் சந்திப்புகளைக் கவனித்துப் பதிவுசெய்தது. அதன் முடிவுகளைச் சொல்லும் ‘ஸ்பின் செல்லிங்’ என்ற நூல் 1988-இல் வெளிவந்தது. பெரிய வியாபாரங்களில் ஒரு சந்திப்பு நான்கு விதமாக முடியலாம் என்று அவர் பிரித்தார். முதலாவது ஆர்டர், கடைசியானது மறுப்பு. இடையில் இருக்கும் இரண்டும்தான் எல்லோரையும் குழப்புபவை. வாடிக்கையாளர் வியாபாரத்தை முன்னே நகர்த்தும் ஒரு செயலுக்கு ஒப்புக்கொண்டால் அது முன்னேற்றம். ‘நல்லா இருக்கு, அடுத்த மாசம் பேசலாம்’ என்று எந்தச் செயலுக்கும் ஒப்புக்கொள்ளாமல் அனுப்பிவைத்தால் அது வெறும் தொடர்ச்சி. விற்பனையாளர்கள் தொடர்ச்சியை முன்னேற்றமாக எண்ணி மகிழ்ந்து திரும்புகிறார்கள் என்பது ராக்கம் கண்டவற்றுள் முக்கியமானது. வாராந்திரக் கூட்டம் இந்த இரண்டையும் பிரித்தறியும் இடமாக இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

கட்டங்களை யார் பக்கத்திலிருந்து பெயரிடுவது

கூட்டத்தைச் சீர்செய்யும் வேலை பட்டியலிலிருந்து தொடங்கவேண்டும். பெரும்பாலான நிறுவனங்களில் கட்டங்களின் பெயர்கள் விற்பவரின் செயல்களாகவே இருக்கின்றன: சந்தித்தாயிற்று, டெமோ காட்டியாயிற்று, கொட்டேஷன் கொடுத்தாயிற்று, பேச்சுவார்த்தை நடக்கிறது. கொட்டேஷன் அனுப்புவதற்கு வாடிக்கையாளரின் சம்மதம்கூடத் தேவையில்லை. அதனால் ‘கொட்டேஷன் கட்டத்தில் 80 லட்சம்’ என்ற கணக்கு, விற்பனையாளர் எத்தனை காகிதம் அனுப்பினார் என்பதைத்தான் சொல்கிறது.

கோயம்புத்தூரில் நூற்பாலைகளுக்கும் பட்டறைகளுக்கும் ஸ்க்ரூ கம்ப்ரசர் விற்கும் ஒரு டீலர் நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். நான்கு விற்பனையாளர்கள், ஒரு மேலாளர், உரிமையாளர். விசாரணையிலிருந்து ஆர்டர் வரை இரண்டு மூன்று மாதம் பிடிக்கும் வியாபாரம். இங்கே கட்டங்களை வாங்குபவரின் செயலால் இப்படி வரையறுக்கலாம். ஆலையின் பராமரிப்பு அதிகாரி தம் காற்றுத் தேவை, இப்போதுள்ள இயந்திரங்களின் விவரம் ஆகியவற்றைக் கொடுத்துவிட்டால் முதல் கட்டம். கம்ப்ரசர் அறையைத் திறந்துகாட்டி அளவெடுக்க அனுமதித்தால் இரண்டாவது. கொட்டேஷனைப் படித்துவிட்டு எழுத்தில் கேள்வி கேட்டாலோ திருத்தம் கேட்டாலோ மூன்றாவது. பணத்துக்குக் கையெழுத்துப் போடுபவர் நேரில் உட்கார்ந்து பேமெண்ட் முறை பற்றிப் பேசினால் நான்காவது. பி.ஓ.வும் அட்வான்ஸும் வந்தால் வியாபாரம் முடிந்தது.

இப்படி மாற்றியவுடன் பட்டியலில் கடைசிக் கட்டத்தில் இருந்த பல வியாபாரங்கள் பின்னே இறங்கிவிடும். அது கசப்பாக இருக்கும். ஆனால் அந்தத் தொகைகள் முன்பும் அங்கே இருந்ததில்லை, இருப்பதாக எழுதப்பட்டிருந்தன, அவ்வளவுதான்.

கூட்டத்துக்கு முந்தைய அரைமணி நேரம்

கூட்டத்தில் உட்கார்ந்துகொண்டு பட்டியலைத் திருத்துவது நேரத்தைத் தின்னும் பழக்கம். சனிக்கிழமை மாலைக்குள் ஒவ்வொருவரும் தம் வரிகளைப் புதுப்பித்துவிடவேண்டும், திங்கள் காலை 9.30-க்குக் கூட்டம் என்று வைத்துக்கொண்டால், நடுவில் மேலாளருக்கு அரைமணி நேர வேலை இருக்கிறது. அவர் எதைப் பேசுவது என்று தேர்ந்தெடுக்கவேண்டும். நம் டீலரிடம் 52 வியாபாரங்கள் திறந்திருக்கின்றன. ஒரு மணி நேரத்தில் 52 வியாபாரங்களைப் பார்த்தால் ஒன்றுக்கு ஒரு நிமிடம் சொச்சம்தான் கிடைக்கும். அந்த நேரத்தில் வாசிக்கலாம், முடிவெடுக்க முடியாது.

தேர்வை மேலாளரின் நினைவுக்கு விடாமல் பட்டியலையே செய்யச் சொல்லலாம். தனி மென்பொருள் இல்லாவிட்டாலும் எக்செல் போதும். D பத்தியில் முடியும் தேதி, E பத்தியில் வாடிக்கையாளர் கடைசியாக ஏதேனும் செய்த தேதி, G பத்தியில் அடுத்த வேலைக்கான தேதி, H பத்தியில் முடியும் தேதி இதுவரை எத்தனை முறை தள்ளிப்போனது என்ற எண் இருந்தால், ஒரே சூத்திரம் சந்தேகத்துக்குரிய வரிகளைக் காட்டிவிடும்.

```
=OR(D2<TODAY(), TODAY()-E2>14, G2<TODAY(), H2>=2)
```

முடியும் தேதி கடந்துபோனது, வாடிக்கையாளர் 14 நாட்களுக்கு மேல் அசையாதது, அடுத்த வேலைக்குத் தேதி இல்லாதது அல்லது அந்தத் தேதி கடந்துபோனது, இரண்டு முறையோ அதற்கு மேலோ தள்ளிப்போனது ஆகிய நான்கில் ஒன்று இருந்தாலும் அந்த வரிக்கு நேராக TRUE என்று வரும். 14 என்பது மாற்ற முடியாத எண் அல்ல. இரண்டு மூன்று மாத வியாபாரத்துக்கு அது பொருந்தும், ஓராண்டு இழுக்கும் வியாபாரத்துக்கு 30 வைக்கலாம். E பத்தியில் விற்பனையாளர் கடைசியாகப் போன் செய்த தேதியை எழுதிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. அது வாடிக்கையாளரின் செயலுக்கான தேதி என்பதைத் திரும்பத் திரும்ப நினைவுபடுத்தவேண்டியிருக்கும்.

இந்த வாரம் 17 வரிகளில் TRUE வந்திருக்கிறது என்று கொள்வோம். அவற்றில் தொகை பெரியவை, இந்த மாதம் முடியும் என்று எழுதப்பட்டவை, வேறொருவர் உதவி தேவைப்படுபவை என்று பார்த்து மேலாளர் ஏழை எடுக்கிறார். நான்கு விற்பனையாளர்களுக்கும் குறைந்தது ஒன்றாவது இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார். மீதிப் பத்து வரிகளும் அந்தந்த விற்பனையாளருடன் தனியாகப் பேசவேண்டியவை. எந்த ஏழு என்பதை ஞாயிறு மாலையே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவது நல்லது. திடீரென்று கேட்டு மடக்குவது கூட்டத்தின் நோக்கம் அல்ல. முன்கூட்டியே தெரிந்தால் சிலர் திங்கள் காலை கூட்டத்துக்கு முன்பே வாடிக்கையாளருக்குப் போன் செய்துவிடுவார்கள், அதுவும் லாபம்தான்.

ஒரு வியாபாரம், ஆறு நிமிடம்

கூட்டத்தின் முதல் பத்து நிமிடம் போன வார முடிவுகளுக்கு. ஒவ்வொரு முடிவும் நடந்ததா இல்லையா என்பது மட்டும் கேட்கப்படும். பிறகு ஏழு வியாபாரங்கள், ஒன்றுக்கு ஆறு நிமிடம் வீதம். கடைசிச் சில நிமிடங்களில் அன்று எடுத்த முடிவுகள் உரக்க வாசிக்கப்படும். மாத இலக்கு எவ்வளவு எட்டியது என்ற பேச்சு இந்தக் கூட்டத்தில் வரக்கூடாது. அது கணிப்புக் கூட்டத்தின் விஷயம். இலக்குப் பேச்சு நுழைந்தவுடன் விற்பனையாளர்கள் தங்கள் எண்ணைக் காப்பாற்றும் முயற்சியில் இறங்கிவிடுவார்கள். மாட்டிக்கொண்ட வியாபாரத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசும் மனநிலை போய்விடும்.

முதலில் வருவது பல்லடம் பக்கத்து நூற்பாலை ஒன்று. இரண்டு கம்ப்ரசர்கள், 19 லட்சம் ரூபாய். கொட்டேஷன் கொடுத்து ஏழு வாரம் ஆகிறது. முடியும் தேதி முதலில் ஜூன் 30, பிறகு ஜூலை 15, இப்போது ஜூலை 31.

“எம்.டி. ஊருக்குப் போயிருக்காருங்க சார். வந்ததும் பி.ஓ. போட்டுடலாம்னு சொன்னாங்க” என்கிறார் விற்பனையாளர்.

“போன திங்கட்கிழமையிலிருந்து மில்லுல யாரு, என்ன செஞ்சாங்க?”

“பேசிக்கிட்டுத்தான் இருக்கேனுங்க. அவங்க பக்கம் புதுசா ஒண்ணும் நடக்கலீங்க.”

“சரி. சொன்னது யாரு?”

“மெயின்டனன்ஸ் மேனேஜருங்க.”

“எம்.டி.கிட்ட நாம பேசியிருக்கோமா?”

“இல்லீங்க சார்.”

இரண்டு நிமிடத்துக்குள் நிலைமை தெளிவாகிவிட்டது. நான்காவது கட்டம் என்று எழுதப்பட்டிருக்கும் இந்த வியாபாரத்தில் கையெழுத்துப் போடுபவரை யாரும் சந்திக்கவே இல்லை. இங்கே மேலாளர் கோபப்பட்டால், அடுத்த வாரம் ‘எம்.டி.கிட்ட போன்ல பேசினேன்’ என்ற பதில் தயாராகிவிடும். அவர் கேட்கவேண்டியது, ஆலை இந்த இயந்திரத்தை வாங்காவிட்டால் அதற்கு என்ன நஷ்டம் என்பது.

விற்பனையாளர் சொல்கிறார்: பழைய கம்ப்ரசர்கள் மின்சாரத்தை அதிகம் இழுக்கின்றன, புதியது சராசரியாக 11 கிலோவாட் மிச்சப்படுத்தும் என்று கொட்டேஷனில் காட்டியிருக்கிறோம். ஆலை நாளுக்கு 24 மணி நேரம், ஆண்டில் 350 நாள் ஓடினால் அது 92,400 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 7.4 லட்சம். போட்ட 19 லட்சமும் இரண்டு ஆண்டு ஏழு மாதத்தில் திரும்பிவிடும். கணக்கு சரிதான். ஆனால் அந்த 11 கிலோவாட் யார் அளந்தது? யாரும் அளக்கவில்லை. தயாரிப்பாளரின் விவரத்தாளிலிருந்து எடுத்த எண் அது. ஆலையின் அக்கவுண்டன்ட் அதை நம்பவில்லை என்பதும் மெல்ல வெளிவருகிறது. எம்.டி. ஊரில் இல்லாதது உண்மையாக இருக்கலாம். வியாபாரம் நின்றிருப்பது அதனால் அல்ல, மிச்சக் கணக்கை ஆலையில் ஒருவரும் தம் கணக்காக ஏற்காததால்.

இப்போது முடிவு எழுதப்படுகிறது. ஆலையின் மின்பலகையில் ஏழு நாட்களுக்கு ஓர் அளவுக் கருவியைப் பொருத்தி, பழைய கம்ப்ரசர்கள் இழுக்கும் மின்சாரத்தைப் பதிவுசெய்வது. அதற்கு மெயின்டனன்ஸ் மேனேஜர் அனுமதி கொடுத்து, கடைசி ஆறு மாத இ.பி. பில்களையும் தரவேண்டும். வியாழக்கிழமைக்குள் அவர் நாள் குறிக்கவேண்டும். குறித்தால் முடியும் தேதி ஆகஸ்ட் 20. குறிக்காவிட்டால் வியாபாரம் முதல் கட்டத்துக்கு இறங்கும், இந்த மாதக் கணக்கிலிருந்து எடுக்கப்படும்.

‘ஃபாலோ அப் செய்யவேண்டும்’ என்று எழுதியிருந்தால் அடுத்த வாரம் அதைச் செய்ததாகச் சொல்லிவிட முடியும். எழுதப்பட்ட முடிவில் ஆள் இருக்கிறார், நாள் இருக்கிறது, வாடிக்கையாளர் செய்யவேண்டிய செயல் இருக்கிறது. அவர் அதைச் செய்யாவிட்டால் என்ன என்பதும் முன்பே முடிவாகியிருக்கிறது. இந்தக் கடைசிப் பகுதியைத்தான் பல கூட்டங்கள் விட்டுவிடுகின்றன. நடக்காவிட்டால் என்ன என்று முன்பே பேசிவைத்திருந்தால் அடுத்த வாரம் விளக்கம் கேட்கவேண்டிய அவசியம் வராது. எழுதியபடி பட்டியலை மாற்றிவிட்டு மேலே போகலாம்.

முடிவுகள் எத்தனை வகை

ஆறு நிமிடத்தின் இறுதியில் வரக்கூடிய முடிவுகள் உண்மையில் சிலவே. அடுத்த செயலுக்கு நாள் குறித்துத் தொடர்வது, கட்டத்தையோ தேதியையோ உண்மைக்கு ஏற்றபடி திருத்துவது, உள்ளிருந்து ஓர் உதவியைக் கொடுப்பது, கைவிடுவது. ‘பார்ப்போம்’ என்பது இந்த வரிசையில் இல்லை.

இவற்றில் உதவி கொடுப்பது பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. சாக்குகளாகத் தெரிபவற்றில் கணிசமானவை, நிறுவனமே எடுக்காமல் வைத்திருக்கும் முடிவுகள். நம் டீலரின் மூன்றாவது வியாபாரத்தில், ஒரு பட்டறை 30 சதவீதம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு மீதிக்கு 60 நாள் கேட்கிறது. விற்பனையாளர் மூன்று வாரமாக ‘பேமெண்ட் பிரச்சினைங்க’ என்கிறார். அவர் சொல்வது சாக்கு அல்ல. 60 நாள் கொடுக்கலாமா என்று அவரால் சொல்ல முடியாது, சொல்லக்கூடியவர் கூட்டத்தில் இல்லை. இப்படிப்பட்ட வியாபாரம் ஏழில் ஒன்றாக இருக்கும் நாளில் உரிமையாளர் அந்தப் பதினைந்து நிமிடமாவது கூட்டத்தில் இருக்கவேண்டும். 45 நாள், அதற்கு மேல் இல்லை என்று அவர் அங்கேயே சொல்லிவிட்டால் பிற்பகலே பட்டறைக்குப் போன் போய்விடும். மேலாளருக்கு அதிகாரம் இல்லாத விஷயங்கள் திரும்பத் திரும்ப வந்தால், எந்த எல்லைவரை அவரே முடிவெடுக்கலாம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுவது அதைவிடச் சிறந்தது.

கைவிடுவதுதான் எல்லாவற்றிலும் கடினம். உளவியலாளர் பாரி ஸ்டா 1976-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில் மாணவர்களை ஒரு நிறுவனத்தின் முதலீட்டு முடிவை எடுக்கச் சொன்னார். முதல் முடிவு மோசமாகப் போனபோது, அதைத் தாமே எடுத்திருந்தவர்கள் தோற்ற இடத்திலேயே இன்னும் அதிகப் பணத்தைப் போட்டார்கள். வேறொருவர் எடுத்த முடிவாக அதைப் பெற்றவர்கள் அவ்வளவு போடவில்லை. நான்கு மாதம் அலைந்து கொண்டுவந்த வியாபாரத்தை இறந்துவிட்டது என்று விற்பனையாளரே அறிவிக்கத் தயங்குவதை இதோடு சேர்த்துப் புரிந்துகொள்ளலாம். அதனால் கைவிடும் விதியை முன்பே எழுதிவைப்பதும், அதைச் சொல்லும் பொறுப்பைக் கூட்டம் ஏற்பதும் அவருக்கு உதவியாக இருக்கும். முடியும் தேதி மூன்றாம் முறை தள்ளிப்போய், முப்பது நாட்களாக வாடிக்கையாளர் தரப்பில் ஓர் அசைவும் இல்லாவிட்டால், அவருக்கு மரியாதையான ஒரு செய்தி போகும்: இந்தக் கொட்டேஷனை இப்போதைக்கு முடித்துவைக்கிறோம், தேவை வரும்போது சொல்லுங்கள், புதிதாகக் கொடுக்கிறோம். அதைப் பார்த்துச் சிலர் உடனே அழைப்பார்கள். அழைக்காதவர்கள் விஷயத்தில் ஒரு வரி குறைகிறது, விற்பனையாளருக்கு வாரத்தில் அரை நாள் கூடுகிறது.

அடுத்த திங்கட்கிழமை

முடிவுகளை எழுதத் தனி அறிக்கை வேண்டாம். பட்டியலிலேயே ஒரு பத்தி போதும்: யார், என்ன, எந்தத் தேதிக்குள், நடக்காவிட்டால் என்ன. ஏழு வியாபாரத்துக்கு ஏழு வரி. கூட்டம் முடியுமுன் அவற்றை எழுதி முடித்து வாசித்துவிடவேண்டும். ‘பிறகு அனுப்புகிறேன்’ என்றால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக நினைவில் வைத்திருப்பார்கள்.

பல்லடம் ஆலையில் மெயின்டனன்ஸ் மேனேஜர் புதன்கிழமையே நாள் குறித்துவிட்டார். ஏழு நாள் பதிவு முடிந்தபோது வந்த எண் விற்பனையாளர் எதிர்பார்த்தது அல்ல. மிச்சம் 11 கிலோவாட் இல்லை, 6 மட்டுமே. ஸ்க்ரூ கம்ப்ரசர் காற்று கொடுக்காமல் சும்மா சுழலும்போதும் முழுச் சுமையில் இழுப்பதில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மின்சாரத்தை இழுக்கும். ஆலையில் இரண்டு பழைய இயந்திரங்களில் ஒன்றுதான் இப்படி நெடுநேரம் சும்மா சுழன்றுகொண்டிருந்தது, மற்றொன்று முழுச் சுமையில் ஒழுங்காகவே ஓடியது. 6 கிலோவாட் என்றால் ஆண்டுக்கு 50,400 யூனிட், சுமார் 4 லட்சம் ரூபாய். அதற்காக 19 லட்சம் போட்டால் திரும்பிவர நான்கரை ஆண்டுக்கு மேல் ஆகும். அக்கவுண்டன்ட் தயங்கியதில் நியாயம் இருந்தது.

அதற்கு அடுத்த கூட்டத்தில் இந்த வியாபாரம் இரண்டு கம்ப்ரசரிலிருந்து ஒன்றாக மாறுகிறது: தேவைக்கேற்ப வேகத்தை மாற்றிக்கொள்ளும் 11 லட்ச ரூபாய் இயந்திரம், சும்மா சுழல்வதற்குப் பதிலாக. இரண்டே முக்கால் ஆண்டில் பணம் திரும்பும். அளந்த எண் ஆலையின் சொந்த மின்பலகையிலிருந்து வந்தது என்பதால் அக்கவுண்டன்டே அதை எம்.டி.யிடம் எடுத்துப்போகிறார். பட்டியலில் 8 லட்சம் குறைந்துவிட்டது. பழைய முறைக் கூட்டத்தில் இது தோல்வியாகப் பேசப்பட்டிருக்கும், விற்பனையாளர் 19 லட்சத்தை இன்னும் இரண்டு மாதம் சுமந்துகொண்டிருப்பார்.

இந்த இடத்தில் மேலாளரின் நடத்தை எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கெட்ட செய்தியை முதலில் சொன்னவர் எல்லோர் முன்னிலும் திட்டு வாங்கினால், இரண்டே வாரத்தில் மற்ற மூவரும் பாடம் கற்றுக்கொள்வார்கள். ஒருவர் முடியும் தேதிகளை மாத இறுதிக்கு எழுதிவைப்பார். இன்னொருவர் உறுதியான ஆர்டரையே பட்டியலில் சேர்க்காமல் ஒளித்துவைத்து, கைக்கு வந்தபிறகு அதிசயமாகக் காட்டுவார். அந்தப் பட்டியலை நம்பி எந்த முடிவும் எடுக்க முடியாது. திறமை பற்றிய கண்டிப்பு தேவைப்பட்டால் அதைத் தனி அறையில், வேறு நாளில் பேசவேண்டும். கூட்டத்தில் பேசப்படுவது வியாபாரம், விற்பனையாளர் அல்ல.

ஒரே சாக்கு பலர் வாயிலிருந்து வந்தால் அதை வேறு விதமாகக் கேட்கவேண்டும். ஒரு மாதத்தில் மூன்று விற்பனையாளர்கள், ஐந்து வியாபாரங்களில் ‘டெலிவரி எட்டு வாரம்னா வேண்டாங்கறாங்க’ என்றால் அது சந்தை தரும் தகவல். அதைத் திங்கட்கிழமைக் கூட்டத்தில் விவாதிக்கத் தொடங்கினால் மற்ற வியாபாரங்களுக்கு நேரம் இருக்காது. தனியாகக் குறித்துவைத்து, உரிமையாளர், ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் ஆகியோருடன் வேறு நாளில் பேசுவதே முறை.

கூட்டம் வேலை செய்கிறதா என்பதற்கு அடையாளம்

இரண்டு எண்களை எட்டு வாரம் பார்த்தால் போதும். போன வாரம் எழுதிய முடிவுகளில் எத்தனை அந்தத் தேதிக்குள் நடந்தன என்பது ஒன்று. ஏழில் இரண்டு மூன்றுதான் நடக்கிறது என்றால் முடிவுகள் வாடிக்கையாளரைக் கேட்காமல் அறைக்குள் கற்பனையாக எழுதப்படுகின்றன என்று பொருள். ஏழும் எப்போதும் நடந்தாலும் சந்தேகப்படவேண்டும், மிக எளிதானவையே எழுதப்படுகின்றன. மற்றொன்று, முடியும் தேதி ஒவ்வொரு வாரமும் எத்தனை வியாபாரங்களில் தள்ளிப்போகிறது என்பது. முதல் மூன்று நான்கு வாரங்களில் பழைய பொய்த் தேதிகள் திருத்தப்படுவதால் இது கூடும், அதன்பின் குறையவேண்டும்.

பட்டியலின் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துத் திருப்தி அடைவது பழைய தவறு. இலக்கைப் போல மூன்று மடங்கு பைப்லைன் இருந்தால் போதும் என்று ஒரு வாய்ப்பாடு பரவலாகச் சொல்லப்படுகிறது. தொகைக் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு ஆர்டராகும் நிறுவனத்துக்கு மட்டுமே அது சரி. நான்கில் ஒரு பங்குதான் ஆர்டராகிறது என்றால் 50 லட்சம் இலக்குக்கு 2 கோடி தேவை. இறந்துபோன வியாபாரங்களும் சேர்ந்த 2 கோடி என்றால் அந்தக் கணக்குக்கும் பொருளில்லை. அதேபோல, 20 லட்ச வியாபாரத்துக்கு 50 சதவீத வாய்ப்பு என்று போட்டு 10 லட்சமாக எண்ணுவது நூறு வியாபாரங்கள் உள்ள பட்டியலில் ஓரளவு உதவும். நான்கைந்து பெரிய வியாபாரங்களை நம்பியிருக்கும் சிறிய நிறுவனத்தில் அது ஏமாற்றும். வந்தால் 20 லட்சமும் வரும், வராவிட்டால் ஒன்றும் வராது, 10 லட்சம் ஒருபோதும் வராது.

எல்லா வியாபாரத்துக்கும் வாரக் கூட்டம் பொருந்தாது. இரண்டு நாளில் முடியும் கவுண்டர் விற்பனைக்கு வாரம் என்பது மிகத் தாமதம், அங்கே காலையில் பத்து நிமிடம் நின்றுகொண்டு பேசினால் போதும். அரசு டெண்டரில் விலைப்புள்ளி போட்ட பிறகு மாதக்கணக்கில் வாங்குபவர் தரப்பில் வெளியே தெரியும் அசைவே இருக்காது, இருக்கவும் கூடாது. அத்தகைய வரிகளைத் தனிப் பட்டியலாக்கி, டெண்டர் அட்டவணையில் உள்ள தேதிகளை ஒட்டி மட்டும் பார்ப்பதே சரி. அவற்றை வாராவாரம் கேட்டால் விற்பனையாளர் சொல்வதற்கு உண்மையில் ஒன்றும் இருக்காது. அப்போது அவர் ஏதேனும் ஒன்றைக் கண்டுபிடித்துச் சொல்லத் தொடங்குவார்.